சம எடைப் பங்குக் கூடையை எப்போது மறுசமன் செய்வது: தேதியா, வரம்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பங்கைச் சமமா வாங்கிப் போட்டாச்சு. அப்புறம் எதுக்கு அதைத் தொடணும்?

வாங்கிய மறுநாளே சமம் கலையத் தொடங்கிவிடுகிறது. ஏறிய பங்கின் எடை கூடுகிறது, இறங்கிய பங்கின் எடை குறைகிறது. அப்படியே விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் இரண்டு மூன்று பங்குகளே கூடையின் பாதியாகிவிடக்கூடும். எந்தப் பங்கு மற்றதைவிடச் சிறந்தது என்று தம்மால் சொல்ல முடியாது என்பதால்தான் ஒருவர் சம எடையைத் தேர்ந்தெடுக்கிறார். எடையைக் கலைய விடுவது, அந்தத் தீர்ப்பைச் சந்தையின் அண்மைக்காலப் போக்கிடம் ஒப்படைப்பதாகும்.

ஏறியதில் கொஞ்சம் விற்று, இறங்கியதில் கொஞ்சம் வாங்கி, எடைகளை மீண்டும் சமமாக்குவதையே மறுசமன் அல்லது ரீபேலன்ஸ் என்கிறோம். அதனால் வருமானம் கட்டாயம் கூடும் என்று யாரும் உறுதி கூற முடியாது. அது உறுதியாகத் தருவது ஒன்றுதான்: கூடையின் இடர் ஒரு சில பங்குகளில் குவியாமல் இருக்கும். அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதே கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை.

தேதி வச்சுப் பண்றது, வரம்பு வச்சுப் பண்றதுன்னு ரெண்டு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

தேதி முறையில், மூன்று மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை குறித்த நாளில் எல்லாப் பங்குகளையும் சராசரிக்குக் கொண்டுவருகிறோம். விலகல் பெரியதா சிறியதா என்று பார்ப்பதில்லை. நிஃப்டி 50 சம எடைக் குறியீடு காலாண்டுக்கு ஒருமுறை இப்படித்தான் சமப்படுத்தப்படுகிறது. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 சம எடைக் குறியீடும் அப்படியே.

வரம்பு முறையில் நாள் கணக்கு இல்லை. ஒரு பங்கின் மதிப்பு, கூடையின் சராசரிப் பங்கு மதிப்பிலிருந்து இத்தனை சதவீதம் விலகினால்தான் கை வைப்போம் என்பது விதி. விலகலை விரிதாளில் எளிதாகக் கணக்கிடலாம். பத்துப் பங்குகளின் இன்றைய மதிப்புகள் B2 முதல் B11 வரை இருந்தால், முதல் பங்குக்கு இந்த வாய்ப்பாட்டை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
=B2/AVERAGE(B$2:B$11)-1
```

இந்தப் பக்கத்தில் 20 சதவீத வரம்பு என்று சொல்லும் இடங்களில் எல்லாம், இந்த விடை +20% அல்லது -20% என்ற எல்லையைத் தாண்டுவதையே குறிக்கிறேன். சிலர் எடையில் இரண்டு புள்ளி என்று சொல்வார்கள். பத்துப் பங்குக் கூடையில் 10 சதவீத எடை 12 ஆவதும் இந்த 20 சதவீத விலகலும் ஒன்றே.

ஒரு தடவை மறுசமன் பண்ணா மொத்தம் எவ்வளவு செலவாகும்? கணக்குப் போட்டுக் காட்டுங்க.

பத்துப் பங்குகளில் தலா ₹1,00,000 போட்டு மூன்று மாதம் ஆகிறது என்று கொள்வோம். மதிப்புகள் இறங்கு வரிசையில், ஆயிரம் ரூபாயில், இப்படி இருக்கின்றன: 126, 112, 108, 104, 101, 99, 97, 94, 90, 79. மொத்தம் ₹10,10,000, சராசரி ₹1,01,000. முழுவதும் சமமாக்க, மேலிருக்கும் நான்கு பங்குகளில் ₹25,000, ₹11,000, ₹7,000, ₹3,000 என்று ₹46,000-க்கு விற்று, கீழிருக்கும் ஐந்தில் அதே தொகைக்கு வாங்க வேண்டும். நடுவில் ஒரு பங்கு மட்டும் சராசரியிலேயே நிற்கிறது. பங்குகளை முழு எண்ணிக்கையில்தான் விற்க முடியும் என்பதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

டெலிவரி முறையில் வாங்கினாலும் விற்றாலும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம் என்பதால், இரண்டு பக்கமும் சேர்த்து ₹92. வாங்கும் தொகைக்கு 0.015 சதவீத முத்திரைத் தீர்வை ₹7. பரிவர்த்தனைக் கட்டணம், செபி கட்டணம், அவற்றின் மீதான ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து ₹3 அளவு. டீமேட்டிலிருந்து ஒரு பங்கை விற்கும் ஒவ்வொரு நாளுக்கும் பிடிக்கப்படும் டிபி கட்டணம் தரகு நிறுவனத்துக்குத் தரகு நிறுவனம் மாறும். ₹16 என்று வைத்தால் நான்கு பங்குகளுக்கு ₹64. டெலிவரிக்குத் தரகுக் கட்டணம் இல்லாத கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் நாம் இழப்பது பெரிய நிறுவனப் பங்குகளில் 0.05 சதவீதம் என்றால் ₹46. ஆக ₹212.

இத்தோடு கணக்கை முடித்துக்கொள்பவர்கள் மிகப் பெரிய செலவை விட்டுவிடுகிறார்கள். விற்ற ₹46,000-க்குள் இருக்கும் லாபம் ₹6,972. ஓராண்டுக்குள் விற்றதால், 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ள 20 சதவீதக் குறுகிய கால மூலதன ஆதாய வரியும் அதன் மேல் 4 சதவீதச் செஸ்ஸும் சேர்ந்து ₹1,450 ஆகின்றன. மொத்தச் செலவு ₹1,662, அதாவது கூடையின் மதிப்பில் 0.16 சதவீதம். அதில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கு வருமான வரி.

இதே நிலைமையில வரம்பு முறை வச்சிருந்தா?

20 சதவீத வரம்பு என்றால் எல்லைகள் ₹80,800, ₹1,21,200. அவற்றைத் தாண்டியவை இரண்டுதான்: ₹1,26,000 ஆன முதல் பங்கும், ₹79,000 ஆன கடைசிப் பங்கும். முதலாவதில் ₹25,000-க்கு விற்று, கடைசிப் பங்கில் ₹22,000-க்கு வாங்கி, மிஞ்சும் ₹3,000-ஐ அடுத்துத் தாழ்ந்திருக்கும் ₹90,000 பங்கில் போடுகிறோம். ஒன்பது ஆணைகளுக்குப் பதிலாக மூன்று. கட்டணங்களும் விலை இடைவெளியும் ₹97, வரி ₹1,073, ஆக ₹1,170.

செலவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே குறைந்திருக்கிறது. பெரிய சேமிப்பு இல்லையே என்று தோன்றலாம். ஆனால் இந்தச் செலவில் கிடைத்ததைப் பாருங்கள். ஒவ்வொரு பங்கின் விலகலையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால், கூடை எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதற்கு ஓர் அளவு கிடைக்கும். அந்த அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இந்த மூன்று ஆணைகளே நீக்கிவிட்டன. தேதி முறையில் செய்த மற்ற ஆணைகள் மிச்சமிருந்த ஐந்தில் ஒரு பங்குக்காகவே செய்யப்பட்டவை. ₹3,000 மட்டும் விற்ற நான்காவது பங்கைத் தனியே எடுத்தால், பரிவர்த்தனை வரி ₹3, டிபி கட்டணம் ₹16, ஆதாய வரி ₹24 என்று விற்ற தொகையில் 1.4 சதவீதம் போய்விட்டது. அதனால் நடந்ததெல்லாம் 10.3 சதவீத எடை 10 ஆனது மட்டுமே.

வரம்பு எவ்வளவு வைக்கலாம்? 5 சதவீதம்னா இன்னும் துல்லியமா இருக்குமே?

துல்லியமாக இருக்கும், ஆனால் ஓயாமல் வர்த்தகம் செய்ய நேரும். ஒரு பங்கு கூடையின் சராசரியை ஒப்பிட ஆண்டுக்கு 25 சதவீதம் ஏறி இறங்கும் இயல்புடையது என்று கொள்வோம். அதன் போக்கு திசையற்றது என்று எடுத்துக்கொண்டால், வரம்பைத் தொட ஆகும் சராசரிக் காலம், வரம்பை அந்த ஏற்ற இறக்கத்தால் வகுத்து வர்க்கப்படுத்தக் கிடைக்கும். 20 சதவீத வரம்புக்கு அது 0.64 ஆண்டு, ஏறத்தாழ எட்டு மாதம். 10 சதவீதத்துக்கு இரண்டு மாதம். 5 சதவீதத்துக்கு இரண்டே வாரம். பத்துப் பங்குகள் இருக்கும்போது 5 சதவீத வரம்பு வைத்தவர் வாரம் முழுவதும் ஆணை போட்டுக்கொண்டிருப்பார்.

இதில் நினைவில் வைக்க வேண்டிய விகிதம் ஒன்று உண்டு. வரம்பை இரட்டிப்பாக்கினால் ஆணைகளின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகும், ஆனால் ஒவ்வோர் ஆணையின் தொகையும் இரட்டிப்பாகும். ஆகவே கைமாறும் மொத்தத் தொகை பாதியாகக் குறையும். தேதி முறைக்கும் இதே விகிதம்தான். காலாண்டுக்குப் பதில் ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் ஆணைகள் நான்கில் ஒன்றாகும், தொகை பாதியாகும். ஆகவே டிபி கட்டணம் போல ஆணைக்கு இவ்வளவு என்று பிடிக்கப்படும் செலவு வேகமாகக் குறையும். பரிவர்த்தனை வரி போல தொகையைச் சார்ந்த செலவு மெதுவாகவே குறையும். நான் பார்த்தவரை, பெரிய நிறுவனப் பங்குகள் கொண்ட சிறிய கூடைக்கு 20 முதல் 25 சதவீதத்துக்குக் கீழான வரம்பு செலவுக்கு ஈடாவதில்லை.

அப்போ வரம்பு முறைதான் எப்பவும் சிக்கனம்னு எடுத்துக்கலாமா?

கூடாது. பலரும் சறுக்கும் இடம் இது. மேலே சொன்ன கணக்குப்படி, 20 சதவீத வரம்பைத் தினமும் கண்காணித்தால் பத்துப் பங்குகளுக்கு ஆண்டில் 15 தடவை அளவுக்கு வரம்பு தாண்டப்படும். ஒவ்வொரு முறையும் கூடையில் 2 சதவீதம் விற்றோ வாங்கியோ, எதிர்ப்பக்கத்தில் வேறொரு பங்கை வாங்கியோ விற்றோ ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால், காலாண்டுத் தேதி முறையில் கைமாறும் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு இது இணையாகவோ அதற்கு மேலாகவோ வந்துவிடும்.

மூன்றாவது கேள்வியின் எடுத்துக்காட்டில் வரம்பு முறை மலிவாக வந்ததற்குக் காரணம், அங்கே வரம்பைக் காலாண்டின் முடிவில் மட்டும் பார்த்தோம். இடையில் எல்லையைத் தொட்டுத் திரும்பிய பங்குகளுக்கு எந்த ஆணையும் போடவில்லை. தேதியன்று மட்டும் பார், அன்று வரம்பைத் தாண்டியிருப்பதை மட்டும் தொடு என்ற இந்தக் கலப்பு முறையையே நான் பரிந்துரைப்பேன். இதன் குறையும் தெரிந்திருக்க வேண்டும்: பார்க்கும் இரண்டு நாட்களுக்கு இடையில் ஒரு பங்கு 40 சதவீதம்கூட விலகிப்போகலாம். அதைப் பொறுக்க முடியாதவர், இடைக்காலத்துக்கு மட்டும் 40 சதவீதத்தில் இன்னோர் எச்சரிக்கை வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

வரம்பைத் தாண்டின பங்கைச் சராசரிக்கே கொண்டு வரணுமா, வரம்புக்குள்ள தள்ளினா போதுமா?

செலவின் தன்மையைப் பொறுத்தது. செலவு முழுவதும் தொகைக்கு ஏற்றபடி அமைந்தால், எல்லைக்குள் வருமளவுக்கு மட்டும் விற்பதே கணக்குப்படி சிறந்தது. செலவு முழுவதும் ஆணைக்கு இவ்வளவு என்று அமைந்தால், ஒருமுறை போடுகிற ஆணையிலேயே சராசரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்திய டெலிவரிக் கணக்கில் இரண்டும் கலந்திருப்பதால் விடை நடுவில் இருக்கிறது.

எடுத்துக்காட்டில் ₹1,26,000 ஆன பங்கை ₹1,11,000 வரை, அதாவது 10 சதவீத விலகல் வரை மட்டும் இறக்கினால், விற்பது ₹15,000. வரியும் ஐந்தில் இரண்டு பங்கு குறையும். முதல் ஆண்டில் ஆதாய வரியே பெரும் செலவு என்பதால், அப்போது பாதி வழி இறக்குவது பொருத்தம். பல ஆண்டு பழைய கூடையில், வரி குறைந்த பின், சராசரி வரை போகலாம்.

ஒரு வருஷம் காத்திருந்தா வரி குறையும்ங்கறாங்க. அதுக்காக மறுசமனைத் தள்ளிப் போடலாமா?

12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்ட கால ஆதாயம். ஒரு நிதியாண்டில் ₹1,25,000 வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். நம் எடுத்துக்காட்டின் ₹6,972 லாபம், வேறு ஆதாயம் இல்லாதவருக்கு, வரியே இல்லாமல் போயிருக்கும். ஆகவே முதல் 12 மாதங்களில் வரம்பை அகலமாக, 35 அல்லது 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நியாயமானது.

முதல் ஆண்டு கடந்த பிறகு நிலைமை தானாகவே சீராகிறது. டீமேட்டில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். நடுவில் அதே பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்திருந்தாலும், விற்கும்போது பழைய பங்குகளே முதலில் போகும், அவை பெரும்பாலும் நீண்ட காலத்தில் விழும். ஆனால் ஒரு பங்கு ஆண்டு முடியும் முன்பே இரட்டிப்பாகிவிட்டால், வரிக்காக மட்டும் காத்திருக்கக் கூடாது. காத்திருக்கும் மாதங்களில் அது 15 சதவீதம் இறங்கினால் போகும் பணம், மிச்சப்படுத்திய வரியைவிடக் கூடுதலாக இருக்கும்.

மாசா மாசம் 10,000 ரூபாய் போடறேன். அதை வச்சே சமன் பண்ண முடியாதா?

முடியும், அதுவே மிக மலிவான வழி. வரும் பணத்தையும் ஈவுத்தொகையையும் பிரித்துப் போடாமல், அன்று மிகத் தாழ்ந்திருக்கும் ஓரிரண்டு பங்குகளில் மட்டும் போட வேண்டும். விற்பனை இல்லாததால் ஆதாய வரியும் டிபி கட்டணமும் இல்லை. எடுத்துக்காட்டின் ₹22,000 பற்றாக்குறை, பங்கு மேலும் இறங்காவிட்டால், ஏறத்தாழ இரண்டு மாதத் தவணையில் நிரம்பிவிடும்.

கூடை வளர வளர இந்த வழியின் வலு குறையும். ₹10 லட்சம் கூடைக்கு ஆண்டுக்கு ₹1,20,000 என்பது 12 சதவீதம். கூடை ₹50 லட்சம் ஆனால் அதே தொகை 2.4 சதவீதம்தான். மேலும், புதுப்பணம் தாழ்ந்ததை உயர்த்துமே தவிர, எக்கச்சக்கமாக ஏறிய ஒரே பங்கை இறக்காது.

சந்தை மொத்தமா சரியறப்ப வரம்பு என்னை எச்சரிக்குமா?

எச்சரிக்காது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 13 சதவீதம் விழுந்தது. கூடையில் உள்ள எல்லாப் பங்குகளும் ஏறக்குறைய அதே அளவு விழுந்திருந்தால், ஒன்றுக்கொன்று விகிதம் மாறியிருக்காது. இரண்டாவது பதிலில் உள்ள வாய்ப்பாடு எல்லாவற்றுக்கும் முந்தைய நாளின் விலகலையே காட்டியிருக்கும். இந்த வரம்பு பங்குகளுக்கு இடையிலான விலகலை மட்டுமே அளக்கிறது. பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் இடையில் எவ்வளவு வைப்பது என்பதற்குத் தனி வரம்பு வேண்டும்.

அத்தகைய நாட்களில் வரம்பைத் தாண்டும் பங்கு இருந்தாலும் அவசரப்பட வேண்டாம் என்பேன். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமான இடைவெளி அப்போது விரிந்துவிடும். சாதாரண நாளின் 0.05 சதவீதக் கணக்கு செல்லாது. சிறிய நிறுவனப் பங்குகளில் அமைதியான நாட்களிலேயே அந்த இடைவெளி பல மடங்கு இருக்கக்கூடும் என்பதால், அவற்றுக்கு வரம்பை இன்னும் அகலமாக வைக்க வேண்டும்.

நேத்து வரைக்கும் சரியா இருந்த பங்கு இன்னைக்கு 90 சதவீதம் கீழேன்னு விரிதாள் காட்டுது. வாங்கிடலாமா?

ஆணை போடுமுன் நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். நெஸ்லே இந்தியா 2024 ஜனவரியில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. விலை பத்தில் ஒன்றானது, வைத்திருப்பவரின் செல்வம் மாறவில்லை. விரிதாளில் பழைய எண்ணிக்கையே இருந்தால் அது பெரும் சரிவாகத் தெரியும். போனஸ் பங்குகளில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு: விலை முதலில் குறைந்துவிடும், புதிய பங்குகள் கணக்கில் வந்து சேரும் வரை கூடையின் மதிப்பே குறைந்ததாகத் தெரியும். நிறுவனம் பிரிக்கப்படும்போதும் இதே நிலைதான். 2023 ஜூலையில் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது, புதிய பங்கின் மதிப்பைச் சேர்க்காதவரின் கணக்கில் ரிலையன்ஸின் எடை குறைந்திருக்கும். ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் விலகல் காட்டினால், முதலில் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதே என் வழக்கம்.

விழுந்துக்கிட்டே இருக்கிற பங்குல வரம்பு தொடற ஒவ்வொரு தடவையும் பணம் போட்டா, மொத்தமும் போயிடாதா?

போகக்கூடும். இந்த முறையின் உண்மையான ஆபத்து இதுதான், கட்டணங்கள் அல்ல. யெஸ் வங்கிப் பங்கு 2018 ஆகஸ்டில் ₹400 அளவில் இருந்து, 2020 மார்ச் தொடக்கத்தில், வங்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட நாட்களில், ₹20-க்குக் கீழே போனது. மற்ற ஒன்பதும் அசையாமல் நின்றதாகக் கொண்டு, தினமும் பார்த்து 20 சதவீத வரம்பில் நிரப்பிக்கொண்டே வந்திருந்தால், ₹400-இலிருந்து ₹20 வரை ஏறத்தாழ 12 தடவை நிரப்ப வேண்டியிருந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கூடையில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கரைந்து, மொத்தத்தில் ஏறத்தாழ 23 சதவீதம் போயிருக்கும். ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தவருக்கு நட்டம் கூடையில் 9.5 சதவீதம்தான். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சமன் செய்தவர் அந்தக் காலத்தில் இரண்டு தடவைக்கு மேல் நிரப்பியிருக்க முடியாது என்பதால், அவர் இருவருக்கும் இடையில் நின்றிருப்பார்.

குறியீடுகளுக்கு இந்த ஆபத்து ஓரளவுக்கே உண்டு, ஏனெனில் தகுதி இழந்த பங்கு வெளியேற்றப்படும். யெஸ் வங்கியும் 2020 மார்ச்சில் நிஃப்டி 50-இலிருந்து நீக்கப்பட்டது. சொந்தக் கூடை வைத்திருப்பவர் அந்த வேலையைத் தாமே செய்ய வேண்டும். ஒரே பங்கில் 12 மாதங்களுக்குள் இரண்டு முறைக்கு மேல் நிரப்புவதில்லை என்றும், மூன்றாவது முறை வரம்பைத் தொட்டால் அது கூடையில் இருக்கத் தகுதியானதா என்பதை முதலில் தீர்மானிப்பது என்றும், கூடையைத் தொடங்கும் நாளிலேயே வரம்புச் சதவீதத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.